ரூபாய் 106.67 எப்படி வந்தது?

பிள்ளையை விடுதியில் சேர்த்த பெற்றோரின் வீட்டுக்கு மாதந்தோறும் ஒரு தாள் வந்து சேருகின்றது. அது கடிதமன்று, கட்டண அறிவிப்பு. பிள்ளை நலமா, படிக்கிறானா, உண்கிறானா என்று அறிய விரும்பும் தாய் தந்தையர், அத்தாளில் ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் மட்டுமே காண்கின்றனர். அந்த எண் எங்கிருந்து வந்தது, அந்தத் தேதி எதற்காக வைக்கப்பட்டது என்று தாள் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் ஐயம் புகுந்துவிடுகின்றது.

திருத்தணிக்கு அருகே கே.ஜி.கண்டிகையில் நமக்குத் தெரிந்த மாணவர் விடுதி ஒன்று உண்டு. அறுபது மாணவர் தங்கிப் படிக்கின்றனர். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் உணவுக் கட்டண அறிவிப்பு வெளியானதும், விடுதிக் காப்பாளர் அதன் படி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சாமி, மாதா மாதம் முதல் வாரம் முழுவதும் பெற்றோருக்குப் பதில் சொல்லியே கழிகின்றது. கணக்கில் ஒரு காசு தவறில்லை. ஆனாலும் எவரும் நம்புவதில்லை. இதைப் புரியும்படி எழுதித் தரவேண்டும்" என்றார்.

முன்பு ஒரு பெரிய கல்லூரி விடுதியின் அறிவிப்பைப் பார்த்து எழுத்தர் ஒருவர் எழுதிவைத்தது அது. ஆண்டுகள் பல ஆகியும் எண் மட்டும் மாறி மாறி அதுவே வந்துகொண்டிருந்தது. அதனை அப்படியே கீழே தருகின்றோம்.

"நடப்பு மாத உணவுக் கட்டணம் பகிர்வு முறைப்படி நாளொன்றுக்கு ரூ.106.67 வீதம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. உணவு உட்கொண்ட நாள்களுக்கு மட்டும் கணக்கிடப்படும். கட்டணத்தை அறிவிப்புக் கண்ட 5 தினங்களுக்குள் செலுத்தவும். தவறினால் கெடு முடிந்த நாள் முதல் தினம் ரூ.10 தண்டம் விதிக்கப்படுவதோடு, மாணாக்கர் உணவுக்கூடத்தில் அனுமதிக்கப்படமாட்டார்."

நான்கே வாக்கியங்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் இவற்றுள் எந்த ஒன்றையும் இருவர் ஒரே பொருளில் படிக்க இயலாது. "நடப்பு மாதம்" என்பது எம்மாதம்? ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் தாளில் "நடப்பு மாதம்" என்றிருந்தால், ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பணம் கேட்கிறார்கள் என்றே பலர் எண்ணினர். "பகிர்வு முறை" என்றால் என்ன? "உட்கொண்ட நாள்" என்றால் மூன்று வேளையும் உண்ட நாளா, ஒரு வேளை உண்டாலும் நாளா? "அறிவிப்புக் கண்ட" என்றால் விடுதிப் பலகையில் ஒட்டிய நாளா, தந்தை கையில் தாள் கிடைத்த நாளா?

இதில் ஒரு சொற்றொடர் செய்த தீங்கினை நாம் பின்னரே அறிந்தோம். எல்லைக்கு அப்பால் ஓர் ஊரிலிருந்து வந்து படிக்கும் சிறுவன் ஒருவன், ஜூலை மாதம் முழுவதும் காலைச் சிற்றுண்டிக்கு வரவேயில்லை. பசியில்லை என்று சொல்லிவந்தான். காப்பாளர் தனியே அழைத்து வினவியபோது உண்மை வெளிவந்தது. "உணவு உட்கொண்ட நாள்களுக்கு மட்டும் கணக்கிடப்படும்" என்று அவன் தாளில் படித்திருக்கிறான். ஒரு வேளை உண்ணாதிருந்தால் அந்த அளவு கட்டணம் குறையும், அம்மாவுக்குப் பாரம் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பகிர்வு முறையில் வேளைக் கணக்கே கிடையாது. முப்பத்தொரு நாள் காலைப் பசியைத் தாங்கியது வீணாயிற்று. நல்ல மனத்தோடு படித்த ஒரு பிள்ளையைப் பட்டினி போட்ட வாக்கியத்தை இனியும் அச்சிடக் கூடாது என்று காப்பாளரிடம் சொல்லிவிட்டே நாம் எழுதுகோலை எடுத்தோம்.

முதலில், பகிர்வு முறை என்பது யாது? தமிழ்நாட்டில் கல்லூரி விடுதிகள் பலவற்றில் வழங்கிவரும் முறைதான் இது. "டிவைடிங் சிஸ்டம்" என்று மாணவர் சொல்வர். மாதம் இவ்வளவு என்று முன்னரே தொகை குறிப்பதில்லை. அம்மாதம் உண்மையாகவே ஆன செலவைக் கூட்டி, உண்டவர்கள் அனைவரின் நாள்களையும் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு நாளுக்கான வீதம் கிடைக்கும். அந்த வீதத்தை ஒவ்வொரு மாணவனின் நாள்களால் பெருக்கினால் அவனுடைய கட்டணம். விடுதிக்கு இதில் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. நேர்மையான முறைதான். ஆனால் மாதாமாதம் வீதம் மாறும் முறையாதலின், ஏன் மாறிற்று என்று சொல்லும் கடமையும் அதனுடன் பிறந்தது.

ஜூலை மாதக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 30 இரவு பண்டகசாலையில் மீதமிருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், மளிகைப் பொருள்களின் மதிப்பு ரூ.18,400. ஜூலையில் வாங்கிய பொருள்கள், காய்கறி, பால் அனைத்தும் சேர்ந்து ரூ.1,46,600. இரண்டும் சேர ரூ.1,65,000. ஜூலை 31 இரவு மீண்டும் எடை போட்டுப் பார்த்தபோது மீதம் ரூ.21,000. ஆகவே, அம்மாதம் உண்மையில் அடுப்பேறிய பொருள்களின் மதிப்பு ரூ.1,44,000. இதனோடு பத்து எரிவாயு உருளைக்கு ரூ.19,200. கூட்டினால் ரூ.1,63,200. விருந்தினர் உண்டதற்காக வந்த வரவு ரூ.1,200-ஐக் கழித்தால் ரூ.1,62,000. சமையற்காரர் இருவர், உதவியாள் ஒருவர் ஆகிய மூவரின் கூலி ரூ.30,000. ஆக மொத்தம் ரூ.1,92,000.

அறுபது மாணவருக்கு முப்பத்தொரு நாள் என்றால் 1,860 உணவு நாள்கள். முறைப்படி விடுப்பெடுத்த மாணவர்களின் நாள்கள் 60. அதைக் கழிக்க 1,800. ரூ.1,92,000-ஐ 1,800-ஆல் வகுத்தால் ரூ.106.67. பெற்றோர் கண்ட எண் பிறந்த கதை இதுதான். காப்பாளர் சொன்னது மெய், கணக்கில் தவறில்லை.

தவறில்லாத அந்தக் கணக்கில் ஒரு மயக்கம் மட்டும் மறைந்திருந்தது. அதனைக் கண்டறிய நாம் காப்பாளரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "மாணவர் பலர் ஊருக்குப் போய்விட்ட மாதத்தில் வீதம் குறைகின்றதா, ஏறுகின்றதா?" அவர் சற்றே எண்ணிப்பார்த்து, "ஏறத்தான் செய்கின்றது சாமி. தீபாவளி வருகிற மாதத்தில்தான் சண்டை அதிகம்" என்றார்.

காரணம் எளிது. விடுமுறை மிகுந்த ஒரு மாதத்தில் உணவு நாள்கள் 1,800-லிருந்து 1,200 ஆகக் குறைகின்றன என்று வைத்துக்கொள்வோம். பொருள் விலை சிறிதும் ஏறவில்லை. ஒருவனுடைய ஒரு நாள் உணவுக்கும் எரிவாயுவுக்கும் ஆகும் செலவு முன்போலவே ரூ.90 தான். 1,200 நாளுக்கு அது ரூ.1,08,000. ஆனால் சமையற்காரர் கூலி ரூ.30,000 குறைவதில்லை. இரண்டும் சேர்ந்து ரூ.1,38,000. இதனை 1,200-ஆல் வகுத்தால் நாளுக்கு ரூ.115! சென்ற மாதம் ரூ.106.67, இந்த மாதம் ரூ.115 என்று தாளில் கண்ட தந்தை என்ன நினைப்பார்? அரிசி விலை ஏறவில்லை என்று அவருக்குத் தெரியும். அவரும் கடையில் வாங்குகின்றவர்தாம். ஆகவே நடுவில் எவரோ எடுத்துக்கொண்டார் என்ற முடிவுக்கு வருகின்றார். எவரும் எடுக்கவில்லை. கூலி என்னும் மாறாச் செலவை, மாறுகின்ற நாள்களால் வகுத்ததனால் வந்த வினை இது.

ஆதலின் நாம் சொன்ன முதல் திருத்தம் சொல்லில் அன்று, கணக்கில். மாறும் செலவையும் மாறாச் செலவையும் பிரித்துக் காட்டுங்கள் என்றோம். உணவுப் பொருளும் எரிவாயுவும் உண்ட நாள்களுக்கு ஏற்ப மாறுகின்றவை. அவற்றை நாள்களால் வகுக்கலாம். கூலி மாறுவதில்லை; அதனைத் தலைக்குச் சமமாகப் பங்கிடலாம். அப்படிச் செய்தால் ஜூலை மாத வீதம் நாளுக்கு ரூ.90, கூலிப் பங்கு மாணவருக்கு ரூ.500. விடுமுறை மாதத்திலும் வீதம் அதே ரூ.90-ஆக நிற்கும். விலை உண்மையில் ஏறினால் மட்டுமே அது ஏறும். அப்போது ஏற்றத்துக்கான காரணத்தைப் பெற்றோர் கடைவீதியிலேயே கண்டுகொள்வர்.

இப்பிரிப்பினால் எவருக்கு இலாபம், எவருக்கு நட்டம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மாதம் முழுவதும் தங்கிய மாணவனுக்குப் பழைய முறையில் ரூ.3,307 ஆகும். புதிய முறையில் முப்பத்தொரு நாளுக்கு ரூ.2,790-உம் கூலிப் பங்கு ரூ.500-உம் சேர்ந்து ரூ.3,290, ரூ.17 குறைவு. எட்டு நாள் விடுப்பில் சென்றவனுக்கோ பழைய முறையில் இருபத்துமூன்று நாளுக்கு ரூ.2,453. புதிய முறையில் ரூ.2,070-உம் ரூ.500-உம் சேர்ந்து ரூ.2,570, ரூ.117 கூடுதல். பிள்ளை ஊருக்குப் போனான் என்பதற்காகச் சமையற்காரர் கூலியைக் குறைத்துக்கொள்வதில்லை. அவன் திரும்பி வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டுமன்றோ? நிர்வாகக் குழுவினர் இதை நெடுநேரம் விவாதித்த பிறகே ஏற்றனர்.

இரண்டாவதாக நாம் நோக்கியது இருப்புக் கணக்கு. பெற்றோர் பலருக்குத் தெரியாத இடம் இது. விடுதிகள் பல சறுக்கும் இடமும் இதுவே. மாதத்தின் கடைசி நாள் இரவு பண்டகசாலையில் நுழைந்து, எஞ்சியிருப்பதை எடை போட்டு, வாங்கிய விலைக்கே மதிப்பிட்டு எழுதவேண்டும். சோம்பலினால் இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மாதம் முடியும் தறுவாயில் அடுத்த மாதத்துக்காகப் பத்து மூட்டை அரிசி வந்திறங்கியது என்று கொள்வோம். இப்போது கடைகளில் வரும் மூட்டை 26 கிலோ. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான உறையிட்ட அரிசிக்கு வரி விதிக்கப்பட்டதனால், அந்த வரம்பைத் தாண்டி ஒரு கிலோ கூட்டிக் கட்டப்படும் மூட்டை அது. மூட்டை ரூ.1,300 என்றால் பத்துக்கு ரூ.13,000. இருப்பு எடுக்காத விடுதியில் இத்தொகை முழுவதும் இம்மாதச் செலவில் ஏறிவிடும். 1,800-ஆல் வகுத்தால் நாளுக்கு ரூ.7.22, மாதம் முழுவதும் தங்கிய மாணவன் ஏறத்தாழ ரூ.224 கூடுதலாகத் தருகின்றான். அவன் உண்ணாத அரிசிக்கு அவன் தந்தை பணம் தருகின்றார். அடுத்த மாதம் அந்த அரிசி கணக்கில் வராது, வீதம் தாழும்.

இதனை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஓராண்டு அறிவிப்புகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வீதம் ஒரு மாதம் ஏறி, மறு மாதம் இறங்கி, மீண்டும் ஏறி மரமறுக்கும் வாளின் பல்போல் தோன்றினால், அங்கே இருப்பு சரிவர எடுக்கப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். விலைவாசி அப்படிப் பல்பல்லாக ஏறி இறங்குவதில்லை. ஆண்டு முழுவதும் தங்குபவனுக்கு ஒரு மாத மிகை மறு மாதக் குறைவால் ஈடாகிவிடும். ஆனால் படிப்பு முடிந்து ஏப்ரலில் வெளியேறுகின்ற மாணவனுக்கு அந்த ஈடு கிடைப்பதேயில்லை. அவன் பணத்தில் வாங்கிய அரிசியை ஜூனில் வருபவன் உண்கிறான். இக்காரணத்தால் ஏப்ரலில் புதிய மூட்டை வாங்காது, இருப்பைக் கரைத்து முடிப்பதே நல்ல பண்டகசாலைக்காரர் வழக்கம்.

மூன்றாவது, விடுப்பு நாள். அம்மை கண்ட தம் மகனை ஜூலை 11, வெள்ளி மாலை அழைத்துச் சென்று, 20, ஞாயிறு காலை கொண்டுவந்து விட்டார் ஒரு நெசவாளர். பதினொன்று முதல் இருபது வரை பத்து நாள் என்பது அவர் கணக்கு. விடுதி கழித்ததோ எட்டு நாள். இரண்டு நாளை விடுதி விழுங்கிவிட்டது என்று அவர் மனம் நொந்தார். விடுதியின் வழக்கம் என்னவெனில், ஒரு வேளை உண்டாலும் அது உணவு நாளே. பதினொன்றாம் நாள் பையன் காலையும் நண்பகலும் உண்டிருக்கிறான். இருபதாம் நாள் நண்பகலும் இரவும் உண்டிருக்கிறான். நடுவிலுள்ள பன்னிரண்டு முதல் பத்தொன்பது வரை எட்டு நாளே முழு விடுப்பு. இவ்வழக்கம் ஊழியர் மனத்தில் இருந்ததேயன்றித் தாளில் இல்லை. விரலை மடக்கி எண்ணிக்காட்டியதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். "இதை முன்னமே எழுதியிருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

மூன்று முழு நாளுக்குக் குறைந்த விடுப்புக்குக் கழிவு இல்லை என்பது இன்னொரு விதி. வெள்ளி மாலை சென்று திங்கள் காலை வருபவனுக்குச் சனி, ஞாயிறு இரண்டே முழு நாள். ஆகவே கழிவு கிடையாது. கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும். ஆனால் அறுபது பேருக்கு உலை வைக்கும் அடுக்களையில், சொல்லாமல் இருவர் வாராவிடில் அரிசி குறைத்துப் போட இயலாது, மிஞ்சியது வீணாகும். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிச் சென்ற நீண்ட விடுப்புக்குத்தான் சமையற்காரர் அளவைக் குறைக்க இயலும். நோய் திடீரென வந்தால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை என்ற விலக்கினையும் குழுவினர் சேர்த்தனர்.

நான்காவது, கடைசி நாள். பழைய தாளில் ஐந்து தினங்கள். அது எப்படி வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. நாம் பெற்றோரின் கையில் பணம் புழங்கும் நாளைக் கேட்டறிந்தோம். இப்பக்கத்தில் ஒரே விதமான வருவாய் இல்லை. அரசுப் பணியாளருக்கு மாதத் தொடக்கத்தில் சம்பளம். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களுக்கு வாரக் கூலி. கரும்பு பயிரிடுவோருக்கு ஆலை எப்போது பணம் தருகின்றதோ அப்போது. ஒரே தவணையில் மூவாயிரத்துச் சொச்சம் கட்டுவதற்கு வாரக்கூலிக்காரருக்குக் குறைந்தது இரண்டு வாரக் கூலியாவது இடையில் வரவேண்டும்.

விடுதியின் பக்கம் என்ன? ஜூலை 31 இரவு இருப்பு எடுக்கவேண்டும். கடைச்சீட்டுகள் வந்து சேர்ந்து கணக்கு முடிய மூன்று நாள். ஆகஸ்ட் 4, திங்களன்று அறிவிப்பு தரலாம். கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் அதுவரை எங்கிருந்து வரும் என்றால், சேரும்போது ஒவ்வொருவரும் கட்டிய முன்வைப்புத் தொகை ரூ.3,500 இருக்கின்றது. அறுபது பேருக்கு அது ரூ.2,10,000, ஒரு மாதச் செலவாகிய ரூ.1,92,000-ஐத் தாங்கும். முன்வைப்பு எதற்காக வாங்கப்படுகின்றது என்பதே இதுதான். இதையும் பெற்றோருக்கு எவரும் சொன்னதில்லை. முதல் மாதக் கட்டணத்தை முன்னமே கட்டிவிட்டோம் என்றே பலர் நம்பியிருந்தனர். ஆகவே இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளி தர விடுதியால் இயலும். ஆகஸ்ட் 15 சுதந்திர நாள்; அடுத்தது சனி, ஞாயிறு. ஆடிக் கிருத்திகைக் காலத்தில் திருத்தணிப் பேருந்துகளில் ஏறவும் இடம் இராது. எனவே ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை என்று குறித்தோம். "இத்தனை நாளுக்குள்" என்று எழுதினால் எந்நாளிலிருந்து என்ற கேள்வி எழும். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் எழாது.

"கெடு" என்ற சொல்லை நாம் எடுத்துவிட்டோம். தெலுங்கில் இதனைக் "கடுவு" என்பர். இரு மொழியாருக்கும் விளங்கும் சொல்தான். ஆயினும் பிள்ளையின் உணவைப் பற்றிய தாளில் கடன்காரனின் குரல் கேட்கக் கூடாது. "உணவுக்கூடத்தில் அனுமதிக்கப்படமாட்டார்" என்ற வாக்கியத்தைப் பற்றிக் காப்பாளரிடம், "என்றேனும் ஒருவனை அப்படித் தடுத்ததுண்டா?" என்று வினவினோம். ஒருபோதும் இல்லை என்றார். செய்யாத ஒன்றை எழுதி அச்சுறுத்துவானேன்?

இறுதியில் அமைந்த அறிவிப்பு இது:

"அன்புள்ள பெற்றோர்க்கு,

இது உங்கள் மகன் 2025 ஜூலை மாதம் உண்ட உணவுக்கான கணக்கு. ஆகஸ்ட் மாதக் கட்டணம் இதில் இல்லை.

ஜூலையில் செலவான உணவுப் பொருள் ரூ.1,44,000. எரிவாயு ரூ.19,200. விருந்தினர் வரவு ரூ.1,200 கழிக்கப்பட்டது. மீதிச் செலவு ரூ.1,62,000. மாணவர் அனைவரும் உண்ட நாள்கள் 1,800. ஆகவே ஒரு நாளுக்கு ரூ.90.

சமையற்காரர் கூலி ரூ.30,000. மாணவர் 60. ஆகவே ஒருவருக்கு ரூ.500. விடுப்பில் சென்றாலும் இது மாறாது.

உங்கள் மகனின் உணவு நாள்கள் ......; ரூ.90 வீதம் ரூ. ......; கூலிப் பங்கு ரூ.500, செலுத்தவேண்டிய மொத்தம் ரூ. .......

செலுத்தக் கடைசி நாள்: ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. ஒரே முறையில் இயலாதவர், அந்நாளுக்கு முன் காப்பாளரிடம் சொன்னால் இரு தவணையாகக் கட்டலாம். சொல்லாமல் தாமதித்தால் நாளுக்கு ரூ.10 கூடும். எந்நிலையிலும் உங்கள் மகனுக்கு உணவு நிறுத்தப்படாது.

ஒரு வேளை உண்டாலும் அது ஓர் உணவு நாள். ஆகவே ஒரு வேளை உண்ணாதிருப்பதனால் கட்டணம் குறையாது. தொடர்ந்து மூன்று முழு நாளுக்குக் குறையாமல், இரண்டு நாள் முன் சொல்லி விடுப்பெடுத்தால் அந்நாள்கள் கழிக்கப்படும். நோயென்றால் முன் சொல்ல வேண்டியதில்லை. புறப்படும் நாளும் திரும்பும் நாளும் விடுப்பில் சேரா.

சேரும்போது நீங்கள் கட்டிய ரூ.3,500 முன்வைப்பாக இருக்கின்றது. மகன் விடுதியை விட்டுச் செல்லும்போது கடைசிக் கணக்கில் கழித்து மீதி திருப்பித் தரப்படும்."

தாளின் பின்புறம் இதுவே தெலுங்கில் அச்சிடப்பட்டது. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதற்கு முன் பள்ளி சென்ற முதியோரிலும், எல்லைக்கப்பால் வாழ்வோரிலும் தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்தவர் உண்டு. பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குச் சென்ற பெற்றோரும் உளர். தாளைப் படிப்பவர் அந்தப் பாட்டியேயாவார்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்தோம். இரண்டு தந்தையரையும் ஒரு பாட்டியையும் அழைத்து, தாளைக் கொடுத்து, "உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டோம், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தந்தையர் இருவரும் சரியான தொகையைச் சொன்னார்கள். பாட்டியோ தெலுங்குப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இந்த ஐந்நூறு, பையன் மே மாதம் வீட்டில் இருக்கும்போதும் உண்டா?" என்று கேட்டார். எவரும் எண்ணிப்பாராத கேள்வி அது. விடுதி மூடியிருக்கும் மே மாதத்தில் கூலிப் பங்கு வாங்குவதில்லை. சமையற்காரரும் அப்போது சொந்த ஊர் சென்றுவிடுவர். "மே மாதத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை" என்னும் வரியை அந்த இடத்திலேயே சேர்த்தோம்.

அறிவிப்பினால் அரிசி விலை குறையப்போவதில்லை. ரூ.3,290 என்பது வாரக்கூலிக் குடும்பத்துக்குப் பாரமான தொகைதான்; அதை எந்தச் சொல்லாலும் இலேசாக்க இயலாது. கணக்கில் உண்மையாகவே தவறு இருக்குமாயின், தெளிவான தாள் அதை மறைக்காது. முன்னிலும் விரைவில் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இருப்பு எடுக்கும் இரவில் பெற்றோருள் ஒருவர் முறைவைத்து வந்து எடைத்தட்டின் அருகே நிற்கவேண்டும் என்று குழுவினர் முடிவு செய்தனர். ஆகஸ்ட் 31 இரவு முதலில் வந்து நின்றவர், பத்து நாளா எட்டு நாளா என்று கேட்ட அந்த நெசவாளரே. மூட்டைகளை எண்ணி, எண்ணெய் டின்னைச் சாய்த்துப் பார்த்து, பேரேட்டில் கையொப்பமிட்டுச் சென்றார்.

காலை உணவுக்கு வாராதிருந்த அச்சிறுவனுக்குக் காப்பாளர் புதிய தாளில் உணவு நாளைப் பற்றிய பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மறுநாள் காலை அவன் வரிசையில் முதலாவதாக நின்று, நான்கு இட்டிலிக்குப் பிறகும் தட்டை நீட்டினான் என்று சமையற்காரர் நம்மிடம் கூறினார். அந்த நான்கு இட்டிலிக்கும் அவன் தாயார் ஜூலையிலேயே பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.